வங்கியில் கிடக்கும் காசெல்லாம் செலவழிக்கிற காசு அல்ல: மன்றங்களுக்கான நிதிவாரிக் கணக்கு, படிப்படியாக

வடமராட்சியில் ஒரு கிராமத்துக் கல்வி மன்றம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். டிசெம்பர் கடைசியில் விடாத மழை, தாழ்வான பக்கத்து வீடுகளில் வெள்ளம். நிர்வாக சபை அவசரமாகக் கூடுகிறது. தலைவர் ஓய்வுபெற்ற அதிபர். வங்கிப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டுப் பொருளாளரைக் கேட்கிறார்: "தம்பி, நாலு லட்சத்து அறுபத்துமூவாயிரம் கிடக்கு. இரண்டு லட்சத்துக்கு அரிசி, பாய், பெட்சீட் வாங்கிக் குடுப்பம். பிறகென்ன யோசனை?"

பொருளாளர் சொல்ல வேண்டிய பதில், "ஐயா, அதிலை எங்களுக்கு எடுக்கக்கூடியது தொண்ணூறாயிரம்தான்" என்பது. அந்தத் தொண்ணூறாயிரம் எங்கிருந்து வந்தது, மிச்சம் 373,000 ரூபாவை ஏன் தொடக்கூடாது, தொட்டே ஆகவேண்டுமென்றால் யாரிடம் எப்படிக் கேட்பது என்பதைத்தான் இதே மன்றத்தின் ஓராண்டுக் கணக்கை வைத்து இங்கே பார்க்கப்போகிறோம். மன்றம் கற்பனை. கணக்கு யாழ்ப்பாணத்தில் எந்தப் பழைய மாணவர் சங்கத்திலும் சனசமூக நிலையத்திலும் பார்க்கக்கூடியதுதான்.

ஏன் தொடக்கூடாது?

லண்டனில் இருக்கும் ஒருவர் "பாடசாலை நூலகத்தைத் திருத்த" என்று சொல்லி 15 இலட்சம் அனுப்புகிறார். அந்தக் காசு மன்றத்தின் வங்கிக் கணக்கில் விழுந்தாலும், மன்றம் அதை ஒரு நோக்கத்துக்காக ஏந்தி வைத்திருக்கிறதே தவிர, தன் விருப்பப்படி ஆளுவதில்லை. இலங்கையில் இதற்கு அடிப்படை 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம். பொறுப்பாளர் நம்பிக்கையின் நோக்கத்தை நிறைவேற்றக் கட்டுப்பட்டவர் என்று அது சொல்கிறது. நோக்கத்தை மீறிச் செலவழித்து இழப்பு வந்தால் அந்த இழப்பை ஈடுசெய்யும் பொறுப்பும் அவருடையதுதான். நல்ல காரியத்துக்குத்தானே கொடுத்தோம் என்பது விளக்கமாக இருக்கலாம், விடுதலையாக இருக்காது.

சட்டத்தை விட்டுவிட்டுப் பார்த்தாலும் விஷயம் இதுதான். அனுப்பியவர் பல தேவைகளில் ஒன்றைத் தானே தெரிந்தெடுத்து அதற்குக் கொடுத்தார். வேறொன்றுக்குக் கேட்டிருந்தால் கொடுத்திருப்பாரா என்பது நமக்குத் தெரியாது. அந்தத் தெரிவை அவருக்குப் பதிலாக நாம் மாற்ற முடியாது.

முதற்படி: காசு வரும் இடத்திலேயே பிரிப்பது

முக்கால்வாசிப் பிரச்சினை செலவில் தொடங்குவதில்லை, பற்றுச்சீட்டில் தொடங்குகிறது. பழைய பற்றுச்சீட்டுப் புத்தகங்களின் அடிக்கட்டைகளைப் புரட்டினால் "நன்கொடை – ரூ. 25,000" என்றுதான் இருக்கும். எதற்கு என்று இருக்காது. கொடுத்தவருக்கு நினைவிருக்கும், வாங்கிய பொருளாளருக்கும் நினைவிருக்கும், அடுத்த வருடம் வரும் புதுப் பொருளாளருக்கு ஒன்றும் தெரியாது. ஆகவே பற்றுச்சீட்டில் "நோக்கம்" என்று ஒரு வரி அச்சிடுங்கள். கொடுப்பவர் எதையும் குறிப்பிடாவிட்டால் அந்த வரியில் "பொது" என்று எழுதுங்கள், வெறுமையாக விடவேண்டாம்.

நோக்கம் எங்கிருந்து உண்டாகிறது என்பதையும் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். ஒன்று, கொடுப்பவரின் வார்த்தையிலிருந்து: கடிதம், மின்னஞ்சல், வைபர் செய்தி, வங்கிப் பரிமாற்றத்தில் அவர் எழுதிய குறிப்பு எல்லாமே சேரும். இரண்டு, நம்முடைய வேண்டுகோளிலிருந்து. "நூலகத் திருத்தத்துக்கு உதவுங்கள்" என்று ஒரு துண்டுப்பிரசுரம் அடித்தோ வட்ஸ்அப்பில் போட்டோ காசு சேர்த்தால், அதைப் பார்த்து வந்த ஒவ்வொரு ரூபாவும், ஆயிரம் ரூபா போட்டவர் ஒன்றும் சொல்லாவிட்டாலும், நூலகத்துக்கு உரியது. அந்த வேண்டுகோளின் பிரதியைக் கோவையில் வையுங்கள். கணக்காய்வாளர் கேட்கும் முதல் ஆவணம் அதுவாகத்தான் இருக்கும்.

நிர்வாக சபை தானே எடுக்கும் தீர்மானம் வேறு. பொதுக் காசில் 50,000 ரூபாவை அடுத்த வருடப் பரிசளிப்பு விழாவுக்கு ஒதுக்குவதாகக் கூட்ட அறிக்கையில் எழுதினால், அது ஒதுக்கீடு மட்டுமே. அடுத்த கூட்டத்தில் அதே சபை அதை மாற்றலாம். வெளியிலிருந்து வந்த நோக்கத்தைச் சபை மாற்ற முடியாது. இரண்டையும் ஒரே தலைப்பின் கீழ் போட்டு "விசேட நிதிகள்" என்று காட்டும் கணக்குகள் நிறைய உண்டு. அங்கேதான் குழப்பம் முளைக்கிறது.

நம் மன்றத்தில் இப்போது நான்கு நிதிகள் இருக்கின்றன. சந்தாவும் பொது நன்கொடைகளும் சேர்ந்த பொது நிதி. லண்டன் அன்பரின் நூலக நிதி. ரொறன்ரோவில் இருக்கும் ஒரு மகள் தாயின் நினைவாகக் கொடுத்த பத்து இலட்சம்: அதை நிலையான வைப்பில் வைத்து, வட்டியை மட்டும் பல்கலைக்கழக மாணவருக்குக் கொடுக்க வேண்டும், முதலைத் தொடக்கூடாது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்த முதல் ஒரு நிதி. அதிலிருந்து வரும் வட்டி, மாணவர் உதவி நிதி என்று இன்னொரு நிதி.

இரண்டாம் படி: காசேட்டில் ஒரு நிரல் கூடுதலாக

நோக்கத்துக்கு ஒரு வங்கிக் கணக்கு திறந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். திறக்கலாம், தப்பில்லை. ஆனால் அது நிதிவாரிக் கணக்கு ஆகாது. ஐந்து கணக்கு திறந்து, ஒவ்வொன்றுக்கும் மூன்று கையொப்பக்காரர் மாற்றி, இரண்டு கணக்குகள் செயலற்றுப்போய்க் கிடக்கும் சங்கங்களைப் பார்த்திருக்கிறேன். அதோடு, அவசரத்துக்கு ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குக் காசோலை எழுத எவ்வளவு நேரமாகும்? காசு எந்தக் கணக்கில் கிடக்கிறது என்பது ஒரு கேள்வி, அது யாருடைய நோக்கத்துக்கு உரியது என்பது வேறு கேள்வி. இரண்டாவதற்குப் பதில் சொல்வது பேரேடுதான்.

சிறிய மன்றத்துக்கு ஒரு எக்செல் தாள் போதும். A நிரலில் திகதி, B இல் வவுச்சர் அல்லது பற்றுச்சீட்டு இலக்கம், C இல் விபரம், D இல் நிதியின் பெயர், E இல் பெறுவனவு, F இல் கொடுப்பனவு. D நிரல் வெறுமையாக ஒரு வரியும் இருக்கக்கூடாது, அவ்வளவுதான் விதி. பிறகு எந்த நிமிடத்திலும் நூலக நிதியின் மீதியை இப்படி எடுக்கலாம்:

```
=SUMIFS(E:E,D:D,"நூலகம்")-SUMIFS(F:F,D:D,"நூலகம்")
```

பெயரை ஒவ்வொரு முறையும் கையால் தட்டாமல் பட்டியலிலிருந்து தெரிவு செய்யுமாறு வையுங்கள். "நூலகம்", "நூலக நிதி" என்று இரண்டு விதமாக எழுதினால் சூத்திரம் ஒன்றைத்தான் எண்ணும். வருடத் தொடக்கத்தில் ஒவ்வொரு நிதியின் ஆரம்ப மீதியையும் ஒரு பெறுவனவு வரியாக இட்டுவிடுங்கள்.

வவுச்சரிலும் நிதியின் பெயர் வேண்டும். ஒரே பற்றுச்சீட்டில் இரண்டு நிதிகளின் செலவு இருந்தால், உதாரணமாக வன்பொருள் கடையில் நூலகத்துக்குப் பெயின்றும் மன்ற அலுவலகத்துக்குப் பூட்டும் ஒன்றாக வாங்கினால், காசேட்டில் இரண்டு வரியாகப் பிரித்து எழுதுங்கள்.

மூன்றாம் படி: ஓராண்டை ஓட்டிப் பார்ப்பது

வருடம் தொடங்கும்போது பொது நிதியில் 180,000 ரூபா, நிலையான வைப்பில் பத்து இலட்சம். வருடத்தில் சந்தாவும் பொது நன்கொடையும் 420,000. மாலை வகுப்பு ஆசிரியர் கொடுப்பனவு, அலுவலக வாடகை, மின்சாரம் எல்லாம் சேர்ந்து 510,000, அதாவது மாதம் 42,500. நூலகத்துக்கு வந்தது 15 இலட்சம். அது சேமிப்புக் கணக்கில் கிடந்த மாதங்களுக்கு வட்டி 15,000. கூரைக்கும் நிலத்துக்கும் அலுமாரிக்கும் போனது 1,150,000. வைப்பு வட்டி 80,000, ஆறு மாணவருக்கு மாதம் ஆயிரம் வீதம் 72,000.

| | பொது | நூலகம் | மாணவர் உதவி | நினைவு முதல் |
|---|---|---|---|---|
| ஆரம்ப மீதி | 180,000 | – | – | 1,000,000 |
| பெறுவனவு | 420,000 | 1,515,000 | 80,000 | – |
| கொடுப்பனவு | 510,000 | 1,150,000 | 72,000 | – |
| இறுதி மீதி | 90,000 | 365,000 | 8,000 | 1,000,000 |

நான்கு மீதியையும் கூட்டினால் 1,463,000. வங்கியில் நிலையான வைப்பு பத்து இலட்சம், சேமிப்பில் 463,000. பொருந்துகிறது. தலைவர் பார்த்த 463,000 ரூபா இதுதான். அதற்குள் மூன்று பேருடைய காசு கலந்து கிடக்கிறது.

நூலகம் அரச பாடசாலையினுடையது, மன்றத்தின் சொத்து அல்ல. அதனால் திருத்தச் செலவு முழுவதும் செலவாகவே போகிறது. மன்றம் தன் சொந்தக் காணியில் கட்டியிருந்தால் கட்டடம் ஐந்தொகையில் சொத்தாக வரும். அது தனிக் கதை, கணக்காய்வாளரோடு பேசித் தீர்க்க வேண்டியது.

நூலகக் காசின் வட்டி 15,000 ரூபாவை நூலகத்துக்கே சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். ஒப்பந்தத்திலோ கடிதத்திலோ வேறு விதமாகச் சொல்லப்படாவிட்டால், ஒரு நிதி உழைத்த வட்டி அந்த நிதிக்கே உரியது. நாணய மாற்றில் வரும் இலாபமும் அப்படித்தான். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர், மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. வெளிநாட்டு நாணயக் கணக்கில் ஒரு திட்டத்துக்கு டொலர் வைத்திருந்த அமைப்புகளுக்கு ரூபாக் கணக்கில் பெரிய தொகை கூடியது. அது மன்றத்துக்கு அடித்த அதிர்ஷ்டம் அல்ல, திட்டத்தின் காசு. சீமெந்தும் கம்பியும் அதே வேகத்தில் விலை ஏறியதால் திட்டத்துக்கு அது தேவையாகவும் இருந்தது.

நான்காம் படி: எந்தச் செலவை எந்த நிதியில் போடுவது

நூலகத் திருத்தத்துக்கு வரைபடம் கீறியவருக்குக் கொடுத்த காசு நூலக நிதியில் போகலாம், ஏனென்றால் நூலக வேலை இல்லாவிட்டால் அந்தச் செலவே வந்திருக்காது. மன்ற அலுவலக வாடகை அப்படியல்ல, நூலகம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அது வரும். "நூலக வேலையை இங்கே இருந்துதானே பார்த்தோம்" என்று வாடகையில் அறுபதாயிரத்தை நூலகத்துக்குத் தள்ளுவது, பொது நிதி வற்றும்போது வரும் வழக்கமான யோசனை. பங்கு போடுவது முற்றிலும் தவறு என்று சொல்லமாட்டேன். ஆனால் காசு வாங்கும்போதே வரவுசெலவுத் திட்டத்தில் "நிர்வாகச் செலவு 5 வீதம்" என்று எழுதி, கொடுப்பவர் ஒத்துக்கொண்டிருக்க வேண்டும். வேலை முடிந்தபிறகு கண்டுபிடிக்கும் 5 வீதம் செல்லாது.

இதனால்தான் பொது நன்கொடை அருமையானது. கட்டடத்துக்கும் கணினிக்கும் கொடுக்கப் பலர் இருக்கிறார்கள். மின்சாரப் பில்லுக்குக் கொடுக்க ஆள் குறைவு. வேண்டுகோளிலேயே நிர்வாகப் பங்கைச் சொல்லிக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

நினைவு முதல் விஷயத்தில் ஆபத்து வேறு மாதிரி வருகிறது. 2022 கடைசியிலும் 2023 தொடக்கத்திலும் நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேலும் வட்டி கிடைத்தது. பத்து இலட்சத்துக்கு ஒரு வருடத்தில் இரண்டு இலட்சம். அதை நம்பிப் பதினாறு மாணவருக்கு நான்கு வருடப் படிப்பு முழுவதற்கும் மாதம் ஆயிரம் என்று வாக்குக் கொடுத்திருந்தால் வருடத்துக்கு 192,000 வேண்டும். வட்டி 8 வீதத்துக்கு இறங்கியதும் கையில் வருவது 80,000. மிச்சம் 112,000 ரூபாவுக்கு வைப்பை உடைப்பதுதான் கண்ணுக்குத் தெரியும் வழி. அதைத்தான் அந்த மகள் செய்யக்கூடாதென்று எழுதித் தந்தார். வாக்குக் கொடுக்கும்போது நல்ல வருடத்து வட்டியை வைத்துக் கணக்குப் பார்க்காமல், கூடுதலாக வந்ததை மாணவர் உதவி நிதியிலேயே மீதியாகச் சேர்த்துவைத்து, புது மாணவரை ஒவ்வொருவராகச் சேர்த்திருக்க வேண்டும்.

ஐந்தாம் படி: மாதம் ஒருமுறை ஒரு கழித்தல்

மாதக் கடைசியில் இரண்டு வேலை. முதலாவது, எல்லா நிதி மீதிகளின் கூட்டும் கையிருப்பு, சேமிப்பு, நிலையான வைப்பு ஆகியவற்றின் கூட்டும் ஒன்றா என்று பார்ப்பது. இரண்டாவது, கையிலும் சேமிப்பிலும் இருக்கும் காசிலிருந்து, நிலையான வைப்பில் கிடக்கும் நினைவு முதலைத் தவிர்த்து, மற்ற நோக்க நிதிகளின் மீதியைக் கழிப்பது. வருவது நேரானால் அதுதான் சுதந்திரமாகச் செலவழிக்கக்கூடிய காசு. மறையானால் ஏற்கனவே யாருடைய காசையோ தின்றுவிட்டோம்.

நம் மன்றத்தில் அடுத்த வருடம் ஜனவரி முதல் மார்ச் வரை ஒரு பொது நன்கொடையும் வரவில்லை, நூலக வேலையும் நடக்கவில்லை, மற்ற நிதிகளிலும் கொடுக்கல் வாங்கல் இல்லை என்று வைப்போம். மாதம் 42,500 வீதம் 127,500 போகிறது. சேமிப்பில் 335,500 மிஞ்சும். வங்கிப் புத்தகத்தைப் பார்க்கிறவருக்கு மன்றம் நன்றாக இருப்பதாகத்தான் தோன்றும். ஆனால் நூலகத்துக்கும் மாணவருக்கும் இருக்க வேண்டியது 373,000. குறைவது 37,500. பொது நிதியின் மீதியும் சரியாக அதே 37,500 மறையில் நிற்கும். எந்தத் திருட்டும் நடக்கவில்லை, எல்லா வவுச்சரும் ஒழுங்காக இருக்கிறது, ஆசிரியர்களுக்கு முறையாகத்தான் கொடுத்தார்கள். ஆனாலும் நூலகத்தின் கதவு ஒன்றுக்கான காசு போய்விட்டது. இது வெளிப்படுவது மேசன் கடைசிப் பில்லைக் கொண்டுவரும் நாளில்தான்.

"பிறகு சந்தா வந்ததும் திருப்பிப் போடுவம்" என்று நிதிக்கு நிதி கடன் எடுப்பதை நான் ஆதரிக்கவில்லை. பொது நிதி பெப்ரவரி கடைசியில் ஐயாயிரத்துக்கு இறங்கியதுமே வகுப்புகளைக் குறைப்பதா, அவசரமாகக் காசு சேர்ப்பதா என்று சபை பேசியிருக்க வேண்டும். ஏற்கனவே நடந்துவிட்டதென்றால் மறைக்காமல் பொது நிதியை மறை மீதியிலேயே காட்டுங்கள். எப்போதைக்குள் நிரப்பப்போகிறோம் என்பதைக் கூட்ட அறிக்கையில் எழுதுங்கள். அடுத்து வரும் பொதுக் காசில் முதலில் அந்தக் குழியை மூடுங்கள்.

எதிர்த்திசையில் பிரச்சினை இல்லை. நூலக வேலை எதிர்பார்த்ததைவிடக் கூடினால் பொது நிதியிலிருந்து கொடுத்து ஈடுசெய்யலாம், சபையின் தீர்மானம் போதும்.

ஆறாம் படி: வெள்ளத்துக்குக் கொடுக்க என்ன வழி?

முதல் கேள்வி காசு பற்றியதே அல்ல. மன்றத்தின் யாப்பில் அனர்த்த நிவாரணத்துக்கு இடமிருக்கிறதா? கல்விக்கு மட்டும் என்று இருந்தால் பொது நிதியையும் அரிசிக்குக் கொடுக்க முடியாது. வெள்ளத்தில் நனைந்த பிள்ளைகளுக்குக் கொப்பியும் புத்தகப் பையும் வாங்கலாம். யாப்பு இடம் தருகிறது என்று வைத்துக்கொண்டாலும் தொண்ணூறாயிரத்தையும் அள்ளிக் கொடுக்க முடியாது, ஜனவரி ஆசிரியர் கொடுப்பனவு நிற்கிறது. நாற்பதாயிரம் உடனே கொடுக்கலாம் என்பது என் கணக்கு.

மிச்சத்துக்கு நல்ல வழி, அன்று மாலையே வெள்ள நிவாரணத்துக்கென்று தனி வேண்டுகோள் விடுவது. ஐந்தாவது நிதி ஒன்று D நிரலில் சேரும். மழை நேரத்தில் வெளிநாட்டுச் சொந்தங்கள் இரண்டு நாளுக்குள் அனுப்புவார்கள். வேண்டுகோளின் கடைசியில் ஒரு வரி கட்டாயம் வேண்டும்: "தேவைக்கு மேல் சேரும் தொகை மன்றத்தின் பொது வேலைகளுக்குப் பயன்படுத்தப்படும்." முந்நூறு பேர் ஆயிரம், இரண்டாயிரமாகப் போட்ட காசில் மிச்சம் வந்தால் ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்துக் கேட்க முடியாது. அந்த ஒரு வரி இருந்தால் கேட்கத் தேவையில்லை. காசு வந்தபிறகு அந்த வரியைச் சேர்க்க முடியாது.

நூலகக் காசில்தான் எடுக்க வேண்டும் என்றால் கொடுத்தவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும், செலவழிக்க முன்னர். தொலைபேசியில் "ஓம் ஓம், குடுங்கோ" என்றது போதாது. எவ்வளவு, எதற்கு, நூலகத்தில் எந்த வேலை இதனால் நிற்கும் என்று மூன்றையும் எழுதி அனுப்பிப் பதிலை வாங்குங்கள். அவர் தன் காசை லண்டனில் பதிவான ஒரு தொண்டு நிறுவனம் வழியாக அனுப்பியிருந்தால் சம்மதம் தரவேண்டியது அந்த நிறுவனம். அதற்கும் தன் பக்கத்தில் நோக்கக் கட்டுப்பாடு இருக்கும், காசு சொன்ன வேலைக்குப் போனது என்று அங்கே காட்டவேண்டும். நினைவு முதல் போல உறுதி எழுதிக் கொடுத்த காசென்றால் அந்த உறுதியில் மாற்றத்துக்கு இடமிருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் சட்டத்தரணியைக் காணவேண்டும், மாவட்ட நீதிமன்றம் வரை போக நேரலாம்.

ஏழாம் படி: ஆண்டுக் கணக்கில் காட்டுவதும் நிதியை மூடுவதும்

இலாப நோக்கற்ற அமைப்புகளுக்கென இலங்கைப் பட்டயக் கணக்காளர் நிறுவகம் ஒரு பரிந்துரை நடைமுறை வெளியிட்டிருக்கிறது. அதன்படி, ஒரு திட்டத்துக்கென வந்த காசு முதலில் அந்த நிதிக் கணக்கில் நிற்கும். செலவு நடக்க நடக்க, செலவுக்குச் சமமான தொகை மட்டும் அந்த ஆண்டின் வருமானத்துக்கு மாற்றப்படும். செலவாகாதது ஐந்தொகையில் அந்த நிதியின் பெயரிலேயே நிற்கும். கணக்காய்வாளர்கள் இதை மட்டுப்படுத்தப்பட்ட நிதி என்று காட்டுவார்கள். நம் மன்றத்தில் 1,150,000 வருமானமாகவும் செலவாகவும் வரும், 365,000 ஐந்தொகையில் நிற்கும். 15 இலட்சத்தையும் வந்த வருடமே வருமானமாகக் காட்டினால் அந்த ஆண்டில் பெரிய மிகை தோன்றும். பொதுக்கூட்டத்தில் யாராவது எழும்பி "இவ்வளவு மிச்சம் பிடிச்சிருக்கிறியள், சந்தாவை ஏன் கூட்டுறியள்?" என்று கேட்பார். அடுத்த ஆண்டில் அதே காசு பற்றாக்குறையாக வந்து நிற்கும்.

நூலக வேலை மே மாதம் முடிகிறது. கடைசிப் பில்கள் 325,000. நிதியில் 40,000 மிச்சம். லண்டன் அன்பரின் கடிதத்தில் மிச்சத்தைப் பற்றி ஒன்றுமில்லை. பொருளாளர் செய்ய வேண்டியது ஒரு பக்க அறிக்கை: வந்த 15 இலட்சம், வட்டி 15,000, செலவுத் தலைப்புகள் நான்கைந்து, மீதி 40,000, கூடவே இரண்டு படங்கள். கீழே ஒரு கேள்வி: இந்தத் தொகைக்கு நூலகப் புத்தகங்கள் வாங்கலாமா, அல்லது மன்றத்தின் பொது நிதிக்கு மாற்றலாமா? புத்தகம் என்று பதில் வந்தால் நிதி திறந்தபடியே இருந்து புத்தகப் பில்லோடு பூச்சியமாகும். பொது நிதிக்கு என்று வந்தால் அந்த மின்னஞ்சலை அச்சிட்டு, சபைத் தீர்மானத்தின் இலக்கத்தை அதில் எழுதி, அதையே வவுச்சராக வைத்து D நிரலில் இரண்டு வரி போடுங்கள்: நூலகத்தில் கொடுப்பனவு 40,000, பொதுவில் பெறுவனவு 40,000. பதிலே வராவிட்டால் இன்னொரு முறை எழுதுங்கள். அதுவரை அந்த நாற்பதாயிரம் நூலகத்தின் பெயரிலேயே கிடக்கட்டும்.